இயந்திர வரைவைத் திருத்துவோர் செய்யும் தவறுகள்: சரிபார்ப்பு முன்னே, மொழி பின்னே

செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த வரைவைத் திறந்தவுடன் பெரும்பாலோர் முதலில் செய்வது அதன் மொழியைச் சீராக்குவதுதான். விடுபட்ட ஒற்றுகளைச் சேர்க்கிறோம், நீண்ட வாக்கியத்தை இரண்டாக வெட்டுகிறோம், பிடிக்காத சொல்லை மாற்றுகிறோம். அரை மணி நேரத்தில் அந்த வரைவு நாமே எழுதியதுபோலத் தோன்றத் தொடங்குகிறது. நம் கைபட்டுச் சீரான வாக்கியத்தைச் சந்தேகிக்க மனம் எளிதில் ஒப்புவதில்லை. பிறர் எழுத்தைச் செப்பனிட்டு ஒப்படைக்கும் வேலையில் நெடுங்காலமாக இருக்கும் எனக்கு, இத்தகைய வரைவுகளில் பிழைகள் தப்பிப்போவதற்கு முதன்மையான காரணமாகத் தெரிவது இந்த வரிசைதான். மொழியை முதலில் தொட்டுவிட்டால், உண்மையைத் தேடும் கண் மங்கிவிடுகிறது.

மனிதர் எழுதிய வரைவில் ஐயமான இடம் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆண்டு உறுதியாகத் தெரியாதவர் "ஏறத்தாழ" என்று எழுதுவார், அல்லது கேள்விக்குறி போட்டு வைப்பார், அல்லது அந்த இடத்தில் அவருடைய வாக்கியமே தடுமாறும். திருத்துபவர் அந்தத் தடுமாற்றத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். மொழி மாதிரிகள் எழுதும் முறை வேறு. இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு மிகுதி என்று கணக்கிட்டு, அவை வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே போகின்றன. ஆதலால் நன்றாகப் பதிந்த செய்தியும், பாதி பதிந்த செய்தியும், எங்கும் இல்லாத செய்தியும் ஒரே உறுதியான குரலில் வந்து விழுகின்றன. நடை தடுமாறும் இடத்தில் பிழையைத் தேடும் நம் பழைய பழக்கம் இங்கே உதவுவதில்லை.

பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க, ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதனோடு நடப்போம். தடுப்பூசியின் வரலாறு பற்றிய சிறு கட்டுரைக்காக இப்படி ஒரு வரைவு கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பல வரைவுகளின் சாயலில் இதை அமைத்திருக்கிறேன்.

"இன்றைய நவீன உலகில் தடுப்பூசிகள் முக்கியப் பங்கு வகிக்கின்றன. 1796ஆம் ஆண்டு ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையைப் பயன்படுத்தி உலகின் முதல் தடுப்பூசிச் சோதனையை மேற்கொண்டார். தனது சொந்த மகன் மீதே அவர் இந்தச் சோதனையைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இது வெறும் மருத்துவக் கண்டுபிடிப்பு மட்டுமல்ல, மனிதகுலத்தின் நம்பிக்கை ஆகும். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சின்னம்மையால் 3 கோடி மக்கள் உயிரிழந்தனர். 1977ஆம் ஆண்டு சோமாலியாவில் உலகின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்நோய் முற்றிலும் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தது."

மேலோட்டமாகப் படித்தால் உறுத்துவதற்கு எதுவுமில்லை. ஏழு வாக்கியங்களும் இலக்கணப்படி சரி, ஒழுங்கான கால வரிசையும் இருக்கிறது. ஆனால் இதில் ஆறு இடங்கள் தவறானவை அல்லது அரைகுறையானவை.

வாக்கியத்தைப் படிப்பதும் கூற்றைப் படிப்பதும்

வாக்கியம் வாக்கியமாகச் சரிபார்ப்பது முதல் தவறு. "1796ஆம் ஆண்டு ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர்" என்று தொடங்கும் வாக்கியத்தைத் தேடுபொறியில் போட்டால், ஜென்னர், 1796, பசு அம்மை ஆகிய மூன்றும் உடனே பொருந்திவிடும். மூன்று பொருந்தியதைக் கண்ட மனம் நான்காவதையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறது. அந்த நான்காவது, "உலகின் முதல்" என்பது. அதை யாரும் தனியே தேடிப் பார்ப்பதில்லை.

எனவே நான் முதலில் வரைவை வாக்கியங்களாக அல்லாமல் கூற்றுகளாகப் பிரிக்கிறேன். உண்மையா பொய்யா என்று தனியே கேட்கக்கூடிய ஒவ்வொரு துண்டும் ஒரு கூற்று. மேற்கண்ட பத்தியில் அப்படி ஒன்பது உண்டு: ஆண்டு 1796, செய்தவர் ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர், பயன்பட்டது பசு அம்மை, அதுவே உலகில் முதல், சோதனைக்கு உள்ளானவர் அவருடைய மகன், நோயின் பெயர் சின்னம்மை, இறந்தோர் 3 கோடி, கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில், அறிவிப்பு அதே ஆண்டில். இவற்றை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே மூலத்துக்கு ஒரு கட்டமும், மூலம் உண்மையில் சொல்வது என்ன என்பதற்கு ஒரு கட்டமும் விடுகிறேன். இப்படிப் பிரிக்கும்போதே இன்னொன்றும் புலப்படும். முதல் வாக்கியத்திலும் நான்காவது வாக்கியத்திலும் தாளில் எழுதிக்கொள்ள எதுவுமே இல்லை. சரிபார்க்க ஒன்றும் இல்லாத வாக்கியம் வாசகருக்கும் பெரும்பாலும் ஒன்றும் தருவதில்லை; அந்த இரண்டையும் அப்போதே அடித்துவிடலாம்.

பிரித்த பிறகு ஒவ்வொன்றாகத் தேடினால் கிடைப்பது இது. 1796, ஜென்னர், பசு அம்மை ஆகியவை சரி. "உலகின் முதல்" நிற்காது. பெஞ்சமின் ஜெஸ்டி என்ற ஆங்கிலேய விவசாயி 1774இலேயே தம் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் பசு அம்மைப் பொருளைச் செலுத்தியிருக்கிறார். ஜென்னருக்கு உரிய பெருமை, அதை முறையாகச் சோதித்து 1798இல் எழுதி வெளியிட்டதில் இருக்கிறது. மகன் பற்றிய கூற்றும் தவறு. 1796 மே 14 அன்று ஜென்னர் பசு அம்மைப் பொருளைச் செலுத்தியது அவருடைய தோட்டக்காரரின் மகனான எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற சிறுவனுக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனெனில் இயந்திர வரைவுகளின் பிழை எப்படிப்பட்டது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. ஜென்னர் தம் சொந்த மகனுக்கு அம்மைப் பொருளைச் செலுத்தியதும் உண்டு. ஆனால் அது 1789இல், அப்போது அவர் பயன்படுத்தியது பன்றி அம்மை. இரண்டு நிகழ்ச்சிகளும் பல நூல்களில் அடுத்தடுத்துப் பேசப்படுபவை. அவை ஒன்றோடொன்று கலந்து, நடக்காத மூன்றாவது நிகழ்ச்சியாக வரைவில் வந்து நிற்கின்றன. "ஜென்னர் மகன் அம்மை" என்று தேடுபவருக்குச் சான்றுபோலத் தோன்றும் பக்கங்கள் கிடைத்துவிடும்; ஆண்டையும் அம்மையின் வகையையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் கலப்பு தெரியும். முழுக்கக் கற்பனையான செய்தியைவிட இப்படி உண்மைத் துண்டுகளால் ஒட்டப்பட்ட செய்தியே ஆபத்தானது. தேடலில் அது பாதி உறுதியாகிவிடுகிறது, நாமும் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

மொழி மாறும்போது நுழையும் பிழை

மீதிப் பிழைகளில் இரண்டு, தமிழில் எழுதுவோர் தனிக் கவனம் கொள்ள வேண்டியவை. ஜென்னர் எதிர்த்த நோய் பெரியம்மை. அதன் ஆங்கிலப் பெயரிலோ "சிறிய" என்று பொருள்படும் சொல் இருக்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் சின்னம்மை வந்துவிடும். தமிழில் சின்னம்மை வேறொரு நோய், வேறொரு கிருமியால் வருவது, இன்றும் இருப்பது. ஒழிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்லும் கட்டுரையில் இந்தப் பெயர் வந்தால், பிள்ளைக்குச் சின்னம்மை வந்திருக்கும் தாய் என்ன நினைப்பார் என்று எண்ணிப் பாருங்கள். சில வரைவுகளில் முதல் பத்தியில் பெரியம்மை என்றும், நான்காவது பத்தியில் சின்னம்மை என்றும், ஏழாவதில் வெறும் அம்மை என்றும் இருக்கும். பத்திக்குப் பத்தி பெயர் மாறுகிறதா என்று பார்க்க, ஆவணத்தில் மூன்று பெயர்களுக்கும் பொதுவான "ம்மை" என்ற எழுத்துகளைத் தேடி ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே நோக்குவதே எளிய வழி. கட்டுரை எதைப் பற்றியதாக இருந்தாலும் அதன் மையச் சொல் ஒன்றை இப்படித் தேடிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

இரண்டாவது, எண். இருபதாம் நூற்றாண்டில் பெரியம்மையால் இறந்தோர் 300 மில்லியன் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. ஒரு மில்லியன் பத்து லட்சம், ஆகவே 300 மில்லியன் என்பது 30 கோடி. வரைவில் ஒரு சுழியம் குறைந்து 3 கோடி ஆகிவிட்டது. மில்லியனும் பில்லியனும் லட்சமாகவும் கோடியாகவும் மாறும் இடம் எதுவானாலும், வரைவின் எண்ணை நம்பாமல் மூலத்தில் இருக்கும் எண்ணை எடுத்து நாமே கணக்கிட வேண்டும். இங்கே சுழியத்தோடு சேர்ந்து இன்னொன்றும் உதிர்ந்திருக்கிறது. மூலங்கள் இதை மதிப்பீடு என்றுதான் சொல்கின்றன. வரைவோ எண்ணிப் பார்த்ததுபோல "உயிரிழந்தனர்" என்று முடிக்கிறது. எண்ணைச் சரிசெய்துவிட்டு "என மதிப்பிடப்படுகிறது" என்பதைச் சேர்க்காமல் விட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

கடைசி இரண்டு கூற்றுகள் ஒரு சொல்லில் தொங்குகின்றன. 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்டது, இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி. 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், பெரியம்மைக் கிருமியை வைத்து ஆய்வு நடந்த கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவர் அந்நோய் தொற்றி இறந்தார். ஆகவே "இயற்கையாக" என்ற சொல் இல்லாத வாக்கியம் தவறு. அறிவிப்பின் ஆண்டும் தவறு. ஒழிப்பை வல்லுநர் குழு உறுதிப்படுத்திச் சான்றளித்தது 1979 டிசம்பரில். உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது 1980 மே 8 அன்று. கடைசி நோயாளி 1977 என்பதும் அறிவிப்பு 1980 என்பதும் ஒரே கட்டுரைகளில் அருகருகே வரும் எண்கள். வரைவு அவற்றை "அதே ஆண்டில்" என்று ஒன்றாக்கிவிட்டது. "அதே ஆண்டில்", "இதன் விளைவாக", "அதன் பிறகு" போன்ற இணைப்புச் சொற்களும் கூற்றுகளே என்பதை மறந்துவிடுகிறோம். இரண்டு உண்மைகளை ஒரு பொய்யான இணைப்புச் சொல் பிணைத்து நிற்கலாம்.

கருவியிடமே கேட்பது

கூற்றுகளைப் பிரித்தெடுத்த பின்னும் சிலர் செய்யும் பெரிய தவறு, "இது சரிதானா?" என்று அதே கருவியிடம் கேட்பது. இதன் விளைவு என்ன என்பதற்கு நீதிமன்றப் பதிவிலேயே சான்று இருக்கிறது. நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி தந்த முன் தீர்ப்புகளை மேற்கோள் காட்டி வழக்கறிஞர்கள் மனு கொடுத்தனர். அவற்றில் பல, நடக்கவே நடக்காத வழக்குகள். அவர்களில் ஒருவர், குறிப்பிட்ட ஒரு வழக்கு உண்மையானதா என்று கருவியிடமே கேட்டிருக்கிறார். உண்மையானதுதான், பெயர்பெற்ற சட்டத் தரவுத்தளங்களில் காணலாம் என்று பதில் வந்திருக்கிறது. 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்த வழக்கறிஞர் சரிபார்க்க முயலவில்லை என்று சொல்ல முடியாது. எழுதிய வாயிடமே சாட்சியும் கேட்டதுதான் அவர் செய்த பிழை. கேள்விக்கு ஏற்ற, நம்பத்தக்க பதில் ஒன்றைக் கோப்பதுதான் கருவி இரண்டாம் முறையும் செய்தது. வரைவில் உள்ளதைத் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும் கருவிகள் இப்போது இருக்கின்றன. அவை இணைப்பும் தருகின்றன. அந்த இணைப்பைத் திறந்து, குறிப்பிட்ட வாக்கியம் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று நம் கண்ணால் பார்க்காதவரை அதுவும் சரிபார்ப்பாகாது.

ஆய்வுக் கட்டுரை எதையாவது வரைவு சான்று காட்டினால் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்கிறேன். அப்படி ஒன்று இருக்கிறதா? இருந்தால், ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, இதழ் நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? பொருந்தினால், வரைவு சொல்வதைத்தான் அதுவும் சொல்கிறதா? முதல் கேள்விக்கு, கட்டுரைக்கென்று தரப்படும் நிலையான அடையாள எண்ணான டிஓஐ எண்ணை doi.org தளத்தில் இட்டால் விடை கிடைக்கும். ஆனால் எண் திறந்துவிட்டது என்பதற்காக அங்கே நிறுத்தக் கூடாது. இட்டுக்கட்டிய குறிப்பின் எண், முற்றிலும் வேறொரு துறையின் கட்டுரையைத் திறப்பதும் உண்டு. மூன்றாவது கேள்விக்கு ஆய்வுச் சுருக்கத்தையாவது முழுமையாகப் படித்தாக வேண்டும், அதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூலங்களை எண்ணுவதிலும் ஏமாற்றம் உண்டு. ஐந்து தளங்களில் ஒரே செய்தி இருந்தால் ஐந்து சான்றுகள் என்று கொள்கிறோம். ஐந்தும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாக இருக்கலாம். இன்று அவையே திருத்தப்படாத இயந்திர வரைவுகளாகவும் இருக்கலாம். ஒழிப்பு அறிவிப்பின் நாளுக்கு அறிவித்த நிறுவனத்தின் பக்கம் ஒன்று போதும். ஜென்னர் என்ன செய்தார் என்பதற்கு 1798இல் அவர் வெளியிட்ட நூலே இருக்கிறது. செய்தி பிறந்த இடத்துக்கு எவ்வளவு அருகில் போனோம் என்பதே கணக்கு. மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சுக்கும் இதையே பொருத்துகிறேன். சொன்னவரின் மூல வாக்கியம் கைக்குக் கிட்டவில்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மேற்கோளை நீக்கிவிடுகிறேன்.

வரைவின் மேலேயே எழுதுவது

இப்போது கையில் இரண்டு பொருட்கள் இருக்கின்றன: பிழைகள் குறிக்கப்பட்ட வரைவு, சரிபார்த்த கூற்றுகளின் தாள். பெரும்பாலோர் முதலாவதை எடுத்துக்கொண்டு பிழையான சொற்களை மட்டும் மாற்றுகிறார்கள். இந்த இடத்தில்தான் எழுத்தின் சொந்தத் தன்மையும் நம் குரலும் சேர்ந்தே போகின்றன. சொற்கள் மாறினாலும் வாக்கியங்களின் எலும்புக்கூடு வரைவினுடையதாகவே நிற்கும்: எங்கே தொடங்குவது, எதற்குப் பின் எது, எங்கே வியப்பது, எப்படி முடிப்பது என்ற தீர்மானங்கள் ஒன்றும் நம்முடையவை அல்ல. அந்தத் தீர்மானங்கள் இதே பொருளில் ஏற்கெனவே வந்த எண்ணற்ற கட்டுரைகளின் சராசரி. இருபது சொற்களை மாற்றியதால் அது நம் படைப்பாகிவிடாது.

நான் செய்வது, வரைவை மூடிவிட்டுத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுவது. தாளில் வாக்கியங்கள் இருக்கக் கூடாது. "1796 மே 14, ஃபிப்ஸ், 8 வயது, தோட்டக்காரர் மகன்" என்பது போன்ற துண்டுகளே இருக்க வேண்டும். முழு வாக்கியமாகக் குறித்துவைத்தால் அந்த வாக்கியம் அப்படியே கட்டுரைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். துண்டுகளிலிருந்து எழுதும்போது எதை முன்னே வைப்பது என்று நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டாயமே போதும். மேற்கண்ட பத்தியை அப்படி எழுதியபோது எனக்கு வந்தது இது:

"ஜேம்ஸ் ஃபிப்ஸுக்கு வயது எட்டு, தகப்பனார் ஜென்னர் வீட்டுத் தோட்டக்காரர். 1796 மே 14 அன்று, பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் இருந்த பசு அம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து, அந்தச் சிறுவனின் கையைக் கீறி ஜென்னர் செலுத்தினார். ஏழு வாரம் கழித்துப் பெரியம்மைப் பொருளையே செலுத்திப் பார்த்தார், நோய் வரவில்லை. பசு அம்மை காக்கும் என்று நம்பியவர் அவருக்கு முன்பும் உண்டு. பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி 1774இலேயே தம் குடும்பத்தாருக்கு இதைச் செய்திருந்தார். ஜென்னரோ சோதித்து, 1798இல் எழுதியும் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படும் பெரியம்மை, இயற்கையாகப் பரவிக் கடைசியாக ஒருவரைத் தொற்றியது 1977 அக்டோபரில், சோமாலியாவில். ஒழிந்துவிட்டது என்று உலகம் அறிவித்தது 1980 மே 8 அன்று."

இதைவிடச் சிறப்பாக எழுதுவோர் பலர் உண்டு. ஆனால் சிறுவனிலிருந்து தொடங்கியது என் தேர்வு, ஜெஸ்டியை நடுவில் வைத்தது என் தேர்வு. வரைவின் வாக்கியம் ஒன்றுகூட இதில் இல்லை.

இயந்திரத் தமிழின் சாயல் எங்கே ஒட்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர்ச்சொல்லாக்கி இழுக்கும் பழக்கம் முதலாவது: "சோதித்தார்" என்று முடியும் இடத்தில் "சோதனையை மேற்கொண்டார்" என்று வரும். "என்பது குறிப்பிடத்தக்கது" என்ற வால் இரண்டாவது. குறிப்பிட்டுவிட்ட பிறகு அது குறிப்பிடத்தக்கது என்று வாசகரிடம் சொல்ல வேண்டியதில்லை. "வெறும் இது மட்டுமல்ல, அது" என்ற அமைப்பு இன்னொன்று. தமிழ் "உம்" போட்டு அடுக்கும் இடங்களில் "மற்றும்" வந்து நிற்கும், பெயர் தெரிந்த பின்னும் வாக்கியத்துக்கு வாக்கியம் "அவர்" திரும்பத் திரும்ப வரும். இந்தச் சொற்கள் குற்றமுள்ளவை அல்ல, நாம் எல்லோரும் எப்போதாவது பயன்படுத்துபவைதாம். ஆனால் உங்கள் குரல் எது என்பதை ஊகத்தால் தீர்மானிக்க வேண்டாம். எந்தக் கருவியின் உதவியும் இல்லாமல் நீங்கள் எழுதிய மூன்று பழைய கட்டுரைகளை எடுத்து, முதல் வாக்கியங்களையும் பத்தி முடிவுகளையும் மட்டும் படித்துப் பாருங்கள். வாசகரை நீங்கள் எப்படி விளிக்கிறீர்கள், எண்ணை எங்கே வைக்கிறீர்கள், கருத்தை நேராகச் சொல்கிறீர்களா சுற்றி வருகிறீர்களா என்பது அங்கே இருக்கும். என் பழைய கட்டுரைகளை அப்படிப் படித்தபோது, வினாவோடு பத்தியைத் தொடங்கும் வழக்கம் எனக்கு இருந்ததே இல்லை என்று கண்டேன். அப்போது ஒப்படைக்கவிருந்த கட்டுரையில் நான்கு பத்திகள் வினாவோடு தொடங்கின. நான்கும் வரைவிலிருந்து வந்தவை.

கண்டறியும் கருவிகளை நம்பி எழுதுவது

இயந்திர எழுத்தைக் கண்டறிவதாகச் சொல்லும் மென்பொருள்களில் கட்டுரையைப் போட்டு, "மனிதர் எழுதியது" என்று வரும்வரை சொற்களை மாற்றிக்கொண்டே போவோர் இருக்கிறார்கள். இதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. முதலாவது, அந்த அளவுகோலே உறுதியானது அல்ல. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திர எழுத்து என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது கேடு நேரடியானது: அந்த மென்பொருளை ஏமாற்றச் சொல் மாற்றுபவர், "செலுத்தினார்" என்பதை "ஊட்டினார்" என்றும், "ஒழிப்பு" என்பதைக் "கட்டுப்பாடு" என்றும் மாற்றிவிடுகிறார். நோய் ஒழிப்பும் நோய்க் கட்டுப்பாடும் மருத்துவத்தில் வெவ்வேறு நிலைகள். மெனக்கெட்டுச் சரிபார்த்த உண்மை அங்கே மறுபடியும் கெடுகிறது.

பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வேறு வேலை, அதைச் செய்தாக வேண்டும். தனித்தன்மையான தொடர் ஒன்றை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுவதே வழி. தமிழில் இதற்கு ஒரு தடை உண்டு: "பசு அம்மையைப் பயன்படுத்தி", "பசுவம்மையை பயன்படுத்தி" என்று புணர்ச்சியும் ஒற்றும் எழுதுபவருக்கு எழுதுபவர் மாறுவதால், நீண்ட தொடரைத் தேடினால் ஒத்த பக்கம் இருந்தும் கிடைக்காமல் போகும். நான்கைந்து சொற்களுக்கு மேல் எடுக்காமல், உருபு ஏறாத சொற்களும் பெயர்களும் அடுத்தடுத்து வரும் இடத்தைத் தேர்ந்து தேடினால் பலன் கூடும். வரைவு வேறு மொழி மூலம் ஒன்றை ஒட்டி வந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால், அந்த வாக்கியத்தின் கருத்தை அம்மொழியிலும் தேடிப் பார்க்கிறேன்.

கருவியைப் பயன்படுத்தியதை ஒப்படைக்கும் இடத்தில் சொல்ல வேண்டுமா என்பது எழுதுபவர் தனியே தீர்மானிக்கும் செய்தி அல்ல. வேலை கொடுத்தவரின் விதி என்ன என்று தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். பயன்படுத்தக் கூடாது என்பது விதியானால், எவ்வளவு திருத்தினாலும் அந்த விதி மீறப்பட்டதே.

திருத்திய பின் நுழையும் பிழை

கடைசியாகச் சொல்லப்போவது என் சொந்த அனுபவம். இதே பொருளில் நான் ஒரு கட்டுரையை மேற்சொன்ன முறைப்படி கூற்று கூற்றாகச் சரிபார்த்து, புதிதாக எழுதி முடித்தேன். ஒப்படைக்கும் நாளில் எழுபது சொற்களைக் குறைக்கும்படி கேட்டார்கள். எங்கே குறைத்தாலும் பொருள் கெடாது என்று எண்ணிய இடங்களில் ஒவ்வொரு சொல்லாக எடுத்தேன். எடுத்தவற்றில் ஒன்று "இயற்கையாக". வரைவில் நான் பிடித்த அதே பிழையை என் கையாலேயே திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். கட்டுரை வெளியான பின் ஒரு வாசகர் பர்மிங்காம் நிகழ்ச்சியைச் சுட்டி எழுதியபோதுதான் எனக்கே தெரிந்தது.

அதன் பிறகு இரண்டு பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். கூற்றுத் தாளில், நீக்கினால் உண்மை கெட்டுவிடும் சொற்களை, அதாவது "இயற்கையாக", "சுமார்", "மதிப்பிடப்படுகிறது", "வெளியிட்டார்" போன்றவற்றை, அடிக்கோடிட்டு வைக்கிறேன். எல்லாத் திருத்தமும் முடிந்து, சொல் குறைப்பும் முடிந்து, இனிக் கை வைக்கப் போவதில்லை என்ற நிலையில், தாளை ஒரு பக்கமும் கட்டுரையை ஒரு பக்கமும் வைத்து, கடைசிக் கூற்றிலிருந்து முதல் கூற்றுக்குப் பின்னோக்கி ஒத்துப் பார்க்கிறேன். பின்னோக்கிப் போவதற்குக் காரணம், முன்னோக்கிப் படித்தால் நடையின் ஓட்டம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதுதான். மேலே உள்ள பத்தி அளவுக்கு அதற்குப் பத்து நிமிடம் போதும். முதற்கட்டத் தேடலுக்கோ அந்த ஒரு பத்திக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூற்றுகள் நிறைந்த நீண்ட கட்டுரைக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால், மூலங்களிலிருந்து நேராக எழுதுவதே விரைவானது என்று சில நேரம் தெரியவரும். அப்போது வரைவைக் கேட்காமலேயே தொடங்கிவிடுகிறேன். ஒப்படைத்த பிறகும் தாளை நான் எறிவதில்லை. வாசகர் கேள்வி கேட்கும் நாளில், எந்த மூலத்தின் எந்த வரியை நம்பி எழுதினேன் என்று காட்ட அது ஒன்றே இருக்கும்.